கம்ப்யூட்டரில் இருக்கிறது, அலமாரியில் இல்லை

“இதே சட்டையில் 40 சைஸ், நீலக் கலர் இருக்கா?” என்று வாடிக்கையாளர் கேட்கிறார். கவுண்டரில் இருப்பவர் திரையைப் பார்க்கிறார். இரண்டு பீஸ் இருப்பதாகக் காட்டுகிறது. விற்பனைப் பையன் அலமாரியைக் கலைத்துப் பார்க்கிறார், மாடிக் குடோனுக்கும் ஏறிப் பார்க்கிறார், பத்து நிமிஷம் கழித்து வெறுங்கையோடு இறங்கி வருகிறார். அதற்குள் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போயிருப்பார். அந்த இரண்டு சட்டையும் திருடு போயிருக்க வேண்டும் என்பதில்லை. ஒன்று 42 சைஸ் அடுக்கின் நடுவே கிடக்கலாம். இன்னொன்று போன மாதமே விற்றுப்போய், வேறொரு சட்டையின் பெயரில் பில் ஆகியிருக்கலாம்.

இதைச் சிறு கடைக்காரரின் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில் நிக்கோல் டிஹொரேஷியஸ், அனந்த் ராமன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், பெரிய சில்லறை நிறுவனம் ஒன்றின் 37 கடைகளில் ஏறக்குறைய 3,70,000 இருப்புப் பதிவுகளை எடுத்து, அலமாரியில் உண்மையாக இருந்த சரக்கோடு ஒப்பிட்டார்கள். நூற்றுக்கு 65 பதிவுகள் ஒத்துப்போகவில்லை. 2008ல் வெளியான அந்த ஆய்வு, பெரிய நிறுவனங்களின் கம்ப்யூட்டர் கணக்கும் இந்த அளவுக்குப் பிசகும் என்று காட்டியது.

இதற்குத் தீர்வாகத்தான் ரேடியோ டேக் இப்போது சிறிய ஜவுளிக்கடைகளின் வாசலுக்கும் வந்திருக்கிறது. துப்பாக்கி போன்ற ஒரு கருவியை அலமாரிக்கு முன்னால் வீசினால் போதும், நூறு சட்டையின் எண்ணும் சில நொடிகளில் திரையில் ஓடும். டெக்கத்லான் கடையில் துணிகளைக் கூடைக்குள் போட்டதுமே பில் வருவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகவும் இருக்காது. மூவாயிரம், நாலாயிரம் பீஸ் வைத்திருக்கும் கடைக்கு இது தேவையா, பழைய பார்கோடே போதுமா என்பதுதான் கேள்வி. விடை தெரிய வேண்டுமானால், கணக்கு எங்கே கெடுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

பார்கோடு என்பது கோடுகளாக எழுதப்பட்ட ஓர் எண். பிராண்டு சட்டைகளின் அட்டையில் இருக்கும் 13 இலக்க எண்ணில், முதல் மூன்று இலக்கம் 890 என்றிருந்தால் அந்த நிறுவனம் இந்தியாவில் பதிவு பெற்று எண் வாங்கியிருக்கிறது என்று பொருள். கடைசி இலக்கம், படிப்பதில் பிழை நேர்ந்தால் கண்டுபிடிப்பதற்கான சரிபார்ப்பு எண். நடுவில் இருப்பது பொருளின் அடையாளம். இந்த எண் ஒரு தனிச் சட்டையைக் குறிப்பதில்லை, ஒரு ரகத்தைக் குறிக்கிறது என்பதை இங்கே மனதில் வைக்க வேண்டும். ஒரே டிசைன், ஒரே கலர், ஒரே சைஸில் இருக்கும் இருபது சட்டைக்கும் எண் ஒன்றுதான்.

கணக்கு கெடத் தொடங்கும் இடங்களில் இது முக்கியமானது. தீபாவளிக் கூட்டத்தில் ஒருவர் ஒரே டிசைனில் மூன்று சட்டை கொண்டுவருகிறார். சைஸ் வேறு வேறு, விலை ஒன்று. கவுண்டரில் இருப்பவர் ஒன்றை ஸ்கேன் செய்துவிட்டு, எண்ணிக்கையில் 3 என்று தட்டுகிறார். பணம் சரியாக வந்துவிட்டது, மொத்த பீஸும் சரிதான். ஆனால் 38 சைஸில் மூன்று குறைந்துவிட்டதாகக் கணக்கு சொல்லும், 40லும் 42லும் விற்றதே பதிவாகாது. மொத்தக் கூட்டல் ஒத்துப்போவதால் மாதக் கணக்கிலும் இந்தப் பிசகு தலைகாட்டாது. 38 தீர்ந்துவிட்டது என்று நினைத்து முதலாளி மறுபடி ஆர்டர் போடுவார். தீர்ந்துபோன 40 திரையில் மட்டும் இருந்துகொண்டே இருக்கும்.

இதைவிட மோசம், சில கடைகளில் டிசைனுக்கு ஒரு கோடு மட்டும் ஒட்டுவது. சைஸும் கலரும் அந்த எண்ணிலேயே இல்லை என்றால், எந்தக் கருவி வாங்கினாலும் 40 சைஸ் இருக்கிறதா என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காது. மாற்றிக்கொள்ள வந்த துணியை பில் போடாமல் கைமாற்றாகக் கொடுப்பதும், சரக்கு வந்திறங்கியதும் பீஸை எண்ணாமல் இன்வாய்ஸைப் பார்த்தே வரவு வைப்பதும் இதே வகையைச் சேர்ந்தவை. இவற்றில் எதுவும் பார்கோடின் குறை அல்ல.

ரேடியோ டேக் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஃபாஸ்டேக் நல்ல உதாரணம். கார்க் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் அந்த வில்லையும் துணியில் தொங்கும் ரேடியோ டேகும் ஒரே தொழில்நுட்பம், ஒரே தரநிலை. உள்ளே பேட்டரி இல்லை. மணல் துகள் அளவுக்கு ஒரு சில்லும், அதைச் சுற்றி மெல்லிய உலோக ஆன்டெனாவும் இருக்கின்றன. ரீடர் வீசும் அலையிலிருந்தே சக்தியை எடுத்துக்கொண்டு, டேக் தன் எண்ணைத் திருப்பி அனுப்புகிறது. இந்தியாவில் இதற்கென 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசை உரிமம் இல்லாமல் பயன்படுத்த விடப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் இது 902 முதல் 928 வரை. வெளிநாட்டிலிருந்து பழைய ரீடரை மலிவாக இறக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அது எந்த நாட்டு அலைவரிசைக்கு அமைக்கப்பட்டது என்று கட்டாயம் கேட்க வேண்டும். அமெரிக்க அமைப்பில் இருக்கும் கருவி, இங்கே மொபைல் சேவைக்கு ஒதுக்கப்பட்ட அலைவரிசையில் போய்ப் பேசும்.

பார்கோடிலிருந்து இது வேறுபடும் இடங்கள் இரண்டு. டேகை ரீடர் கண்ணால் பார்க்க வேண்டியதில்லை. மடித்த துணிக்குள்ளிருந்தும், அட்டைப் பெட்டிக்குள்ளிருந்தும் அது பதில் சொல்லும். அடுத்தது, ஒவ்வொரு டேகுக்கும் தனி எண் உண்டு. ஒரே டிசைன், ஒரே சைஸில் இருக்கும் இருபது சட்டையும் இருபது எண்களாகத் தெரியும். அதனால் ஒரே சட்டையை ரீடர் ஐம்பது முறை படித்தாலும் கணக்கில் ஒன்றாகத்தான் ஏறும்.

பெரிய நிறுவனங்கள் இதற்குப் பணம் கொட்டியது எண்ணும் வேகத்துக்காகத்தான். ஸ்பெயினின் ஸாரா தன் கடைகளில் ரேடியோ டேகைப் பரப்புவதை 2014ல் அறிவித்தது. மாட்ரிட் கடை ஒன்றில் முன்பு 40 பேர் ஐந்து மணி நேரம் செய்த கணக்கெடுப்பைப் பத்துப் பேர் பாதி நேரத்தில் முடித்ததாக அப்போது செய்தி வந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை எடுத்துக்கொண்டிருந்த ஸ்டாக் கணக்கை அவர்கள் ஆறு வாரத்துக்கு ஒரு தடவை எடுக்கத் தொடங்கினார்கள். இந்த இரண்டாவது மாற்றம்தான் பெரிது. பிசகு எந்தக் கடையிலும் தினமும் சேர்ந்துகொண்டே போகும். அடிக்கடி எண்ணுகிற கடையில் அது சீக்கிரம் துடைக்கப்படுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஸாரா செய்த இன்னொரு காரியமும் கவனிக்கத்தக்கது. காகித டேகில் சில்லை வைத்து வாடிக்கையாளரோடு அனுப்பிவிடாமல், திருட்டு எச்சரிக்கைக்காகத் துணியில் மாட்டும் பிளாஸ்டிக் பொத்தானுக்குள்ளேயே வைத்தார்கள். பில் போடும்போது பொத்தானைக் கழற்றி எடுத்து, அடுத்த துணிக்கு மாட்டலாம். டேக் செலவு ஒரு தடவையோடு முடிகிறது. ஆனால் இதில் ஒரு வேலை கூடுகிறது. பொத்தானை மாட்டும் ஒவ்வொரு முறையும் இந்த எண் இன்று முதல் இந்தச் சட்டைக்கு என்று கம்ப்யூட்டரில் இணைக்க வேண்டும். துணியின் பார்கோடை ஸ்கேன் செய்து, பிறகு பொத்தானைப் படிக்க வைக்க வேண்டும். அவசரத்தில் பக்கத்தில் கிடக்கும் பொத்தானின் எண் இணைந்துவிட்டால், பிசகு அங்கேயே பிறந்துவிடும்.

ரேடியோ அலை எதையும் ஊடுருவும் என்று நினைப்பதும் தவறு. காய்ந்த துணி, காகிதம், பாலிதீன் கவர் ஆகியவற்றைத் தாண்டி இந்த அலை சுலபமாகப் போகும். உலோகம் அதைத் திருப்பியடிக்கும், தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும். நம் உடம்பும் பெரும்பாலும் தண்ணீர்தான் என்பதால் அலமாரிக்கும் ரீடருக்கும் நடுவே ஓர் ஆள் நின்றாலே சில டேகுகள் விடுபடும். இரும்புத் தகடு போட்ட ரேக், பின்பக்கம் தகடு அடித்த ஷெல்ஃப் இவையெல்லாம் இடைஞ்சல். பட்டுச் சேலைக் கடைக்கு இது பெரிய விஷயம். வெள்ளிச் சரிகை உலோகம்தான். சரிகை முந்தானையை ஒட்டி டேக் கிடந்தால் அது பேசாமல் போகலாம். சேலைகளை ஒரே மாதிரி மடித்து அடுக்கும்போது எல்லா டேகும் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி நிற்பதும் உண்டு. அப்படி நெருங்கி நிற்கும் ஆன்டெனாக்கள் ஒன்றையொன்று மந்தமாக்கிவிடும். ஹேங்கரில் தொங்கும் சட்டையிலும் சுடிதாரிலும் இந்தத் தொல்லை குறைவு.

படிக்காமல் விடுவது ஒரு பக்கம் என்றால், தேவையில்லாததைப் படிப்பது இன்னொரு பக்கம். ரீடரின் எட்டு தூரம் பல மீட்டர். சின்னக் கடையில் பில் கவுண்டருக்குப் பின்னாலேயே ஒரு ரேக் இருக்கும். வாடிக்கையாளரின் இரண்டு சட்டையோடு பின்னால் தொங்கும் மூன்று டி-ஷர்ட்டும் பில்லில் ஏறிவிட வாய்ப்புண்டு. ரீடரின் சக்தியைக் குறைத்து வைப்பார்கள், அல்லது டெக்கத்லானிலும் யூனிக்ளோவிலும் இருப்பதுபோல் துணியைப் போடுவதற்கென்றே தனித் தொட்டி அமைப்பார்கள். பில்லுக்குப் பார்கோடு, எண்ணுவதற்கு ரேடியோ டேக் என்று இரண்டையும் ஒரே அட்டையில் அச்சடித்துப் பிரித்துக்கொள்வது சிறு கடைக்கு எளிய வழி.

திருப்பூர் ஏற்றுமதி மிச்சத்தை வாங்கி விற்கும் கடைகளுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை தேவை. வெளிநாட்டு பிராண்டுகளுக்குப் போகும் பின்னலாடைகளில் ரேடியோ டேகைத் தொழிற்சாலையிலேயே மாட்டிவிடும் வழக்கம் உண்டு. அந்தத் துணிகள் உள்ளூர்க் கடைக்கு வரும்போது பழைய டேக் தையலிலோ அட்டையிலோ தங்கியிருந்தால், கடையின் ரீடருக்கு அதுவும் பதில் சொல்லும். கடைக்குச் சம்பந்தமில்லாத எண்களைத் தள்ளிவிடும் வசதி மென்பொருளில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு துணி இரண்டாக எண்ணப்படும்.

எண்ணப்படுவது டேக்தான், துணி அல்ல என்பதையும் மறக்கக்கூடாது. ட்ரயல் ரூமில் யாரோ அறுத்துப் போட்ட டேக் பெஞ்சுக்கு அடியில் கிடந்தால், சட்டை போன பிறகும் அது இருப்பில் இருப்பதாகவே கணக்கு சொல்லும்.

இனி பணக் கணக்கு. இதை ஒரு கற்பனைக் கடையை வைத்துப் போட்டுப் பார்க்கலாம். அவரவர் கடையின் எண்களை உள்ளே போட்டால் விடை மாறும், ஆனால் போடும் முறை மாறாது. கடையில் எப்போதும் 4,000 பீஸ் இருக்கிறது. வருஷத்துக்கு 12,000 பீஸ் விற்கிறது. பீஸுக்குச் சராசரியாக 200 ரூபாய் மிஞ்சுகிறது. பார்கோடு ஸ்டிக்கர் 50 பைசா, ரேடியோ டேக் 6 ரூபாய், கையடக்க ரீடர் 1 லட்ச ரூபாய், மென்பொருளுக்கு வருஷம் 15,000 ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம்.

ஸ்டிக்கருக்கு வருஷம் 6,000 ரூபாய். டேகுக்கு 72,000. வித்தியாசம் 66,000. ரீடர் நாலு வருஷம் உழைத்தால் வருஷத்துக்கு 25,000. மென்பொருளையும் சேர்த்தால் ஆண்டுக்கு 1,06,000 ரூபாய் கூடுதல் செலவு. முதல் நாள் கடையில் இருக்கும் 4,000 பீஸுக்கும் டேக் மாட்டும் 24,000 ரூபாய் இதில் சேரவில்லை.

மிச்சமாவது என்ன? பார்கோடில் ஓர் ஆள் துணியை எடுத்து, அட்டையைத் தேடி, ஸ்கேன் செய்து, மறுபடி அடுக்கி வைத்தால் மணிக்கு 250 பீஸ் முடிப்பார் என்று கொள்வோம். 4,000 பீஸுக்கு 16 மணி நேர உழைப்பு. மணிக்கு 75 ரூபாய் கூலி என்றால் ஒரு தடவை எண்ண 1,200 ரூபாய். மாதா மாதம் எண்ணினாலும் வருஷத்துக்கு 14,400 ரூபாய்தான். ரேடியோ டேகில் இந்த உழைப்பில் பெரும்பகுதி மிஞ்சும், சுமார் 12,000 ரூபாய் என்று வைக்கலாம். அதைக் கழித்த பிறகும் 94,000 ரூபாய் நிற்கிறது. நம் ஊர்க் கூலிக் கணக்கில், எண்ணும் நேரத்தை மிச்சம் பிடிப்பதால் மட்டும் ரேடியோ டேக் தன் செலவைத் திருப்பித் தராது. கூலி பல மடங்கு அதிகமான ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதே கணக்கு வேறு விடை தரும். அங்கிருந்து வரும் விளம்பர அறிக்கைகளை அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

அந்த 94,000 ரூபாய் கூடுதல் விற்பனையிலிருந்துதான் வந்தாக வேண்டும். பீஸுக்கு 200 ரூபாய் வீதம் அது 470 பீஸ். மொத்த விற்பனையில் ஏறக்குறைய 4 சதவீதம், நாளுக்கு ஒன்றரை பீஸுக்கும் கொஞ்சம் குறைவு. கேட்பதற்குச் சின்னதாக இருக்கிறது. ஆனால் இந்த 470ல் சேர வேண்டியவை ஒரே ஒரு வகை மட்டும்தான். வாடிக்கையாளர் கேட்டு, கடையில் எங்கோ இருந்தும் எடுத்துக் கொடுக்க முடியாமல் போனவையும், தவறான கணக்கை நம்பி ஆர்டர் போடாமல் விட்டதால் இல்லாமல் போனவையும். விலை ஒத்துவராமல், டிசைன் பிடிக்காமல் திரும்பிப் போனவர்களை எந்த டேகும் பிடித்து நிறுத்தாது.

தன் கடையில் அப்படி எத்தனை போகிறது என்பதை முதலாளி ஒரு பைசா செலவில்லாமல் கண்டுபிடிக்கலாம். கவுண்டரில் ஒரு நோட்டு வைத்து ஒரு மாதத்துக்கு, “இல்லை” என்று சொல்லி அனுப்பிய ஒவ்வொரு டிசைனையும் சைஸையும் கலரையும் விற்பனையாளர்கள் எழுதட்டும். அன்று இரவே கம்ப்யூட்டரைப் பார்த்து, இருக்கிறது என்று காட்டியவற்றுக்கு எதிரே ஒரு குறி போட வேண்டும். இதோடு இன்னொரு சோதனை. திரையிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு 50 வரிகளைத் தேர்ந்து, அலமாரியில் போய்த் தேட வேண்டும். பிறகு எதிர்த் திசையில், அலமாரியிலிருந்து 50 பீஸை எடுத்து, திரையில் தேட வேண்டும். முதலாவது, கணக்கில் இருந்து கடையில் இல்லாதவற்றைக் காட்டும். இரண்டாவது, கடையில் இருந்தும் கணக்கில் இல்லாதவற்றைக் காட்டும். ஒரு திசையில் மட்டும் சோதித்தால் பாதிப் பிசகு மறைந்தே இருக்கும்.

குறி போட்ட வரிகள் மாதத்துக்குப் பத்துக்குள் நின்றால், அந்தக் கடைக்கு ரேடியோ டேக் தேவையில்லை. பார்கோடைச் சரியாகப் பயன்படுத்துவதே போதும். அதற்கு ஒரு நல்ல முறை பல சேலைக் கடைகளில் ஏற்கெனவே இருக்கிறது. ஒவ்வொரு சேலையும் வேறு என்பதால் அவர்கள் ஒவ்வொரு பீஸுக்கும் தனி எண் அச்சடிக்கிறார்கள். சட்டைக்கும் சுடிதாருக்கும் அதையே செய்யலாம். கடையின் சொந்த ஸ்டிக்கரில், பீஸுக்கு ஒரு தொடர் எண்ணை கோடு 128 என்ற வகையில் அச்சடித்தால் போதும். கவுண்டரில் எண்ணிக்கையில் 3 என்று தட்டும் வழியே அடைபட்டுவிடும், மூன்று பீஸையும் தனித்தனியாக ஸ்கேன் செய்தே ஆக வேண்டும். எண்ணும்போது ஒரே பீஸ் இரண்டு தடவை வந்தால் மென்பொருள் சொல்லிவிடும். ரேடியோ டேகின் இரண்டு பலன்களில் ஒன்று, 50 பைசாவிலேயே கைக்கு வந்துவிடுகிறது.

ஸ்டிக்கரை ரிப்பன் போட்ட பிரிண்டரில் அடிப்பது நல்லது. ரிப்பன் இல்லாமல் வெப்பத்தால் மட்டும் கறுக்கும் காகிதம், ஷோகேஸ் வெயிலில் சில மாதங்களில் வெளுத்துவிடும். படிக்காத கோட்டுக்குப் பதிலாகப் பக்கத்துச் சட்டையின் அட்டையை ஸ்கேன் செய்யும் பழக்கம் அங்கிருந்துதான் வருகிறது.

முழுக் கடையையும் ஒரே நாளில் எண்ண வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அந்த 16 மணி நேரத்தை மாதத்தின் 26 வேலை நாளில் பகிர்ந்தால், நாளுக்கு 40 நிமிஷத்துக்கும் குறைவு. காலையில் கடை திறந்து கூட்டம் வருவதற்கு முன் ஒரு ரேக், மறுநாள் அடுத்த ரேக். வேகமாக ஓடும் சரக்கை மாதம் இரண்டு தடவையும், வேட்டி துண்டு போல் சைஸ் குழப்பம் இல்லாததை இரண்டு மாதத்துக்கு ஒரு தடவையும் எண்ணினால் நேரம் இன்னும் பொருளுள்ளதாகச் செலவாகும்.

மாறாக, குறி போட்ட வரிகள் மாதம் நாற்பதைத் தாண்டுகிறது, பீஸுக்கு மிஞ்சும் தொகையும் 400, 500 என்று இருக்கிறது, ஒரே டிசைன் ஏழெட்டு சைஸிலும் நாலைந்து கலரிலும் பரவிக் கிடக்கிறது, குடோன் வேறு கட்டடத்தில் இருக்கிறது என்றால் கதை வேறு. ஜீன்ஸ், பிராண்டு சட்டை, பிளேசர் விற்கும் கடை அப்படிப்பட்டது. பீஸுக்கு 500 ரூபாய் மிஞ்சினால் மேலே போட்ட அதே 94,000 ரூபாயை 188 பீஸிலேயே எடுத்துவிடலாம். இரண்டு மூன்று கிளைகள் வைத்து, அவற்றுக்குள் சரக்கை மாற்றிக்கொள்பவர்களுக்கும் ரேடியோ டேக் கைகொடுக்கும். பெட்டியைப் பிரிக்காமலேயே உள்ளே இருப்பதை எண்ணிவிடலாம். அப்போதும் முழுக் கடைக்கும் ஒரேயடியாக மாற்ற வேண்டியதில்லை. ஜீன்ஸ் பகுதிக்கு மட்டும் டேக் மாட்டி, மற்றவை பார்கோடிலேயே ஓடலாம்.

வாங்குவது என்று முடிவெடுத்தால், விற்பவரின் அலுவலகத்தில் காட்டும் செய்முறையை நம்பி முன்பணம் கொடுக்கக்கூடாது. ரீடரைக் கடைக்கே கொண்டுவரச் சொல்ல வேண்டும். 200 பீஸுக்கு டேக் மாட்டி, வழக்கமாக வைக்கும் இடங்களிலேயே வைக்க வேண்டும். இரும்பு ரேக்கின் அடித்தட்டு, சரிகைச் சேலை அடுக்கு, குடோன் மூட்டை எதையும் விடக்கூடாது. 200ல் ஏழு பீஸை மட்டும் விற்பவருக்குத் தெரியாமல் வெளியே எடுத்துவிட்டு, கடைப் பையனின் கையில் ரீடரைக் கொடுத்து மூன்று தடவை எண்ணச் சொல்ல வேண்டும். மூன்று தடவையும் 193 என்ற விடை, அதே 193 எண்களோடு வந்தால் அந்தக் கருவி அந்தக் கடைக்குப் பொருந்துகிறது. ஒரு தடவை 186, அடுத்த தடவை 190 என்று வந்தால், விடுபட்டவை எந்த ரேக்கில் இருந்தன என்று பார்க்க வேண்டும். பல சமயம் டேகை மாட்டும் இடத்தை மாற்றி, அடுக்கில் ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கும்படி செய்தாலே எண்ணிக்கை ஏறிவிடும். அப்படியும் ஏறாவிட்டால் அந்தப் பகுதிக்குப் பார்கோடே சரி.